ஏன் இது? ஏன் அது இல்லை?
ஆய்வு முறையியல் இயலை எழுதும்போது நான் கற்றவை

(வட்டார அளவிலான ஆசிரியர் பயிற்சியின் நிறைவு நாளில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எம்.எட். ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர்கள், முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருப்பவர்கள், செயலாராய்ச்சி அறிக்கை தர வேண்டியவர்கள் என்று இந்த அறையில் பலர் இருக்கிறீர்கள். காலையில் தேநீர் இடைவேளையில் ஒரு தோழர் என்னிடம், "முதல் இயல் எழுதிட்டேன் சார், இரண்டாவதும் முடிஞ்சது. மூணாவதுல நிக்குது" என்றார். மூன்றாவது என்றால் ஆய்வு முறையியல். நானும் அங்கேதான் நின்றேன், ஏறத்தாழ நான்கு மாதம்.

நான் மரக்காணம் பகுதியில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். என் வகுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உப்பளத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். தொலைநிலைக் கல்வியில் இதழியல் முதுகலை படித்தபோது சிறிய ஆய்வேடு ஒன்று எழுத வேண்டியிருந்தது. எங்கள் ஊர் உப்பளங்களை நாளிதழ்கள் எப்படி எழுதுகின்றன என்பதை எடுத்துக்கொண்டேன். அந்த ஆய்வின் முடிவுகளை இன்று சொல்லப் போவதில்லை. முறையியல் இயலில் ஒவ்வொரு முடிவையும் எந்த வரிசையில் எடுத்தேன், ஒவ்வொன்றுக்கும் என்ன காரணம் எழுதினேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் வரைவு திரும்பி வந்த கதை

என் முதல் வரைவு பன்னிரண்டு பக்கம். ஆய்வு என்றால் என்ன, அதன் வகைகள் எவை, உள்ளடக்கப் பகுப்பாய்வுக்கு பெரல்சன் 1952இல் தந்த வரையறை என்ன, மாதிரி எடுத்தலின் வகைகள் எத்தனை என்று எழுதியிருந்தேன். நெறியாளர் அம்மா படித்துவிட்டு, "சார், இது எல்லாப் புத்தகத்திலயும் இருக்கு. இதுல உங்க ஆய்வு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

பதினொன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். "இரண்டு நாளிதழ்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. மாதிரி எடுக்கப்பட்டது. செய்திகள் வகைப்படுத்தப்பட்டன" என்று மூன்று வரி இருந்தது. அவர் ஒவ்வொரு 'பட்டது', 'பட்டன'வுக்கும் கீழே கோடு போட்டு, ஓரத்தில் "யாரால்? ஏன்?" என்று எழுதினார்.

தமிழில் செயப்பாட்டு வினை ஆய்வேட்டுக்கு உரிய நடை என்று நாம் பழகிவிட்டோம். அந்த வினைக்குள் முடிவெடுத்த ஆள் ஒளிந்துகொள்கிறார், அவரோடு காரணமும் ஒளிந்துகொள்கிறது. "நான் தேர்ந்தெடுத்தேன்" என்று எழுதிப் பாருங்கள். "ஏனென்றால்" என்று தொடராமல் அந்த வரியை முடிக்கக் கூச்சமாக இருக்கும். பிறகு நடையை மாற்றிக்கொள்ளலாம், வரைவை மட்டும் இப்படி எழுதுங்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு முடிவுக்கும் நான்கு வரி எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். நான் செய்தது என்ன? வேறு என்ன செய்திருக்கலாம்? இதை ஏன் எடுத்தேன்? இதனால் எதை இழந்தேன்? இந்த நான்காவது வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறோம். வாய்மொழித் தேர்வில் கேள்வி பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் கேள்வி

நான் முதலில் வைத்திருந்த கேள்வி: "உப்பளத் தொழிலாளர்களை நாளிதழ்கள் ஏன் புறக்கணிக்கின்றன?" இதில் பதில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. புறக்கணிப்பு உண்டு என்று முடிவு கட்டிவிட்டு, காரணம் மட்டும் கேட்கிறேன். மேலும் 'ஏன்' என்பதற்கான பதில் செய்தியறையில் இருக்கிறது. அச்சான பக்கத்தை எத்தனை முறை படித்தாலும் அது கிடைக்காது.

கேள்வியை மாற்றித் தந்தவர் என் மாணவி ஒருத்தியின் தாய். பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்தார். என் ஆய்வைப் பற்றிச் சொன்னேன். "எங்கள பத்தியா சார்? மழ பேஞ்சா வந்து போட்டோ எடுப்பாங்க. எங்கிட்ட யாரும் எதுவும் கேட்டதில்ல" என்றார்.

அவர் சொன்னதில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, மழைக்காலத்தில் செய்தி வருகிறது என்பது. மற்றது, அதில் பேசுபவர் தொழிலாளர் இல்லை என்பது. இரண்டும் உண்மையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இரண்டையுமே நாளிதழ்ப் பக்கத்தைப் பார்த்துச் சரிபார்க்க முடியும். ஆகவே கேள்வி இப்படி ஆனது: மரக்காணம் உப்பளச் செய்திகளில் யார் பேசுகிறார்கள்? மழைக்காலச் செய்திகளிலும் உற்பத்திக்காலச் செய்திகளிலும் அது வேறுபடுகிறதா?

இந்தக் கேள்வி என்னைத் தோற்கடிக்கவும் கூடியது. எண்ணிப் பார்த்தால் தொழிலாளரே அதிகம் பேசுகிறார் என்று வரலாம். அப்படி வரக்கூடிய வழியைத் திறந்து வைத்திருக்கிறதா என்பதுதான் முறையியலுக்கு முதல் சோதனை.

கேள்வி அமைந்ததும் முறை தானாக வந்தது. பக்கத்தில் உள்ளதை எண்ண வேண்டும், ஆகவே உள்ளடக்கப் பகுப்பாய்வு. நேர்காணல் ஏன் இல்லை என்பதற்கும் காரணம் எழுதினேன். கேள்வி பக்கத்தைப் பற்றியது, மக்களின் மனநிலையைப் பற்றியதல்ல. இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளையின் ஆசிரியர் வந்து கேட்டால் "முடியாது" என்று சொல்ல எந்தப் பெற்றோருக்கும் தயக்கமாக இருக்கும். அத்தகைய சம்மதம் உண்மையான சம்மதம் ஆகாது. இழந்தது என்ன? செய்தியாளர் கேட்டும் பேச மறுத்த தொழிலாளர் யாராவது இருந்தால், அவர் என் ஆய்வில் தென்படமாட்டார். அதையும் எழுதினேன்.

எந்த நாளிதழ், எந்தப் பதிப்பு

தினத்தந்தி, தினமலர் இரண்டையும் எடுத்தேன். முதல் வரைவில் காரணமாக "இவை அதிகம் விற்பனையாகும் நாளிதழ்கள்" என்று எழுதியிருந்தேன். நெறியாளர் கேட்டார்: "எங்க அதிகம்? மாநிலத்திலயா, மரக்காணத்திலயா?" என்னிடம் மரக்காணத்துக்கான கணக்கு இல்லை. கணக்கு கையில் இல்லாத காரணத்தை எழுதக் கூடாது.

எனவே யாரும் சரிபார்க்கக்கூடிய விதியாக மாற்றினேன். மரக்காணம் பேருந்து நிறுத்தக் கடையில் நாள்தோறும் கிடைக்க வேண்டும். மாவட்டச் செய்திக்குத் தனிப் பக்கம் இருக்க வேண்டும். ஆய்வுக்காலம் முழுவதும் வெளிவந்திருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் பொருந்தியவற்றுள் இரண்டை எடுத்தேன். மூன்றாவதைச் சேர்த்தால் படிக்கும் நேரம் ஒன்றரை மடங்காகும் என்பதால் இரண்டோடு நிறுத்தினேன். நேரமின்மையும் ஒரு காரணம்தான், வெளிப்படையாகச் சொன்னால் போதும்.

பதிப்பையும் சொல்ல வேண்டும். ஒரே நாளிதழுக்கு ஊருக்கு ஊர் மாவட்டப் பக்கம் மாறும். சென்னையில் அதே நாளிதழை வாங்கினால் மரக்காணம் செய்தி இல்லாமல் போகலாம். ஆகவே, "மரக்காணத்தில் விற்பனையாகும் பதிப்பு, அதன் முதல் பக்கமும் மாவட்டப் பக்கங்களும்" என்று எழுதினேன்.

இணையத்தில் ஒரு சொல்லைத் தட்டித் தேடினால் சில நிமிடத்தில் முடிந்துவிடுமே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். 'உப்பளம்' என்று தேடியதும் நிறையச் செய்திகள் வந்தன. படித்துப் பார்த்தால் பல செய்திகளுக்கும் உப்புக்கும் தொடர்பே இல்லை. புதுச்சேரியில் உப்பளம் என்றே ஒரு பகுதி இருக்கிறது, அந்தப் பெயரில் சட்டமன்றத் தொகுதியும் இருக்கிறது. அந்தத் தொகுதியின் சாலைப்பணியும் விளையாட்டு விழாவும் என் வலையில் விழுந்தன. மறுபக்கம், 'உப்புப் பாத்தி', 'உப்பு வாரும் பெண்கள்' என்று எழுதப்பட்ட செய்திகள் தப்பிவிட்டன. வேண்டாதது வருகிறது, வேண்டியது தவறுகிறது. இந்த ஒரு சோதனையை விவரித்து, அதனால்தான் அச்சுப் பிரதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன் என்று எழுதினேன். காரணம் சொல்வதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. மாற்று வழியை ஒருமுறை முயன்று, அது எங்கே தவறுகிறது என்று காட்டிவிட வேண்டும்.

எந்தக் காலம்

இந்த இடத்தில்தான் நான் பெரிதாகத் தடுமாறினேன்.

நாளிதழ் ஆய்வுகளில் 'கட்டமைத்த வாரம்' என்று ஒரு மாதிரி முறை உண்டு. ஓராண்டின் எல்லாத் திங்கட்கிழமைகளிலிருந்தும் குலுக்கலில் ஒரு திங்கள், எல்லாச் செவ்வாய்களிலிருந்தும் ஒரு செவ்வாய் என்று ஏழு நாளைச் சேர்த்து ஒரு வாரம் கட்டுவார்கள். ஞாயிறு இதழ் கனமாக இருக்கும், வேறொரு நாளில் பக்கம் குறையும். அந்த வேறுபாட்டை இது சமன் செய்யும். ரிஃப், ஆஸ்ட், லேசி என்ற மூவர் 1993இல், ஒரு நாளிதழின் ஓராண்டு உள்ளடக்கத்தை அறிய இப்படி இரண்டு வாரம், அதாவது 14 இதழ், போதும் என்று காட்டினார்கள். புத்தகத்தில் இருக்கிறது, வேலையும் குறைவு. உடனே எடுத்துக்கொண்டேன்.

முன்னோட்டமாக 14 நாளைக் குலுக்கி எடுத்து, ஒரு நாளிதழைப் படித்தேன். உப்பளம் பற்றி ஒரு செய்திகூட இல்லை.

முறையில் பிழை இல்லை. அதை நான் பயன்படுத்திய இடம்தான் தவறு. நாள்தோறும் வரும் செய்திகளுக்கு, அதாவது அரசியல், குற்றம், விளையாட்டு போன்றவற்றுக்கு, அந்த 14 நாள் போதும். எப்போதாவது வரும் செய்திக்கு அது போதாது. ஒரு தலைப்பில் மாதத்துக்கு இரண்டு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 24. 365 நாளில் 14 நாளை மட்டும் பார்த்தால் சராசரியாக ஒரு செய்திதான் அகப்படும். அந்த ஒன்றை வைத்து யார் பேசுகிறார் என்று எப்படிச் சொல்வது?

அரிதான பொருளுக்கு மாதிரி எடுப்பதைவிட, காலத்தைச் சுருக்கி அதற்குள் எல்லா இதழையும் படிப்பதே மேல். எந்தக் காலம் என்பதைக் கேள்வியே சொன்னது: மழை, உற்பத்தி. எங்கள் பகுதியில் வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்திகளில் வெள்ளம் நிற்கும், வேலை நின்றுவிடும். மழை முடிந்து பாத்திகளைச் சீர்செய்து, வெயில் ஏற ஏற உப்பு விளையும். ஆகவே மழைக்கு நவம்பர், டிசம்பர். உற்பத்திக்கு ஏப்ரல், மே. இரண்டிலும் 61 நாள் என்பது ஒப்பிடவும் வசதி. மொத்தம் 122 நாள், இரண்டு நாளிதழ், அதிகபட்சம் 244 இதழ். ஓர் இதழுக்குப் பத்து நிமிடம் என்றால் ஏறத்தாழ 40 மணி நேரம். சனி ஞாயிறுகளில் முடித்துவிடலாம்.

எந்த ஆண்டு என்பதற்கும் காரணம் வேண்டும். 2023 மே மாதத்தை எடுக்கவில்லை. அந்த மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் நேர்ந்த கள்ளச்சாராய உயிரிழப்புகளால் எங்கள் ஊர்ச் செய்தி முழுவதும் அந்தத் துயரத்தைச் சுற்றியே இருந்தது. 2024 ஏப்ரலையும் எடுக்கவில்லை. ஏப்ரல் 19 தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. தேர்தல் நேரத்தில் மாவட்டப் பக்கத்தில் அரசியல்வாதியின் குரல் இயல்பாகவே கூடும். நான் எண்ணப் போவதே குரலைத்தான். எனவே 2024 நவம்பர், டிசம்பரும் 2025 ஏப்ரல், மேயும் என்று முடிவு செய்தேன்.

இதிலும் ஓர் இழப்பு உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஆகவே என் மழைக்காலம் வழக்கமான மழைக்காலம் அல்ல, புயல் வந்த மழைக்காலம். "சாதாரண மழை ஆண்டில் செய்தி எப்படி இருக்கும் என்பதை இந்த ஆய்வு சொல்லாது" என்று அந்த இடத்திலேயே எழுதினேன். கடைசியில் 'வரம்புகள்' என்று ஒரு பத்தி போட்டு எல்லாவற்றையும் அங்கே கொட்டுவது வழக்கம். அதைவிட, முடிவெடுத்த இடத்திலேயே அதன் விலையையும் சொல்வது படிப்பவருக்குத் தெளிவு.

காணாமல் போன இதழ்கள்

பழைய நாளிதழ்களை ஒரு நூலகத்திலும், இதழ்களைக் கட்டி வைக்கும் பழக்கமுள்ள ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டிலும் பார்த்தேன். சில இதழ்கள் இல்லை. பண்டிகைக்கு மறுநாள் நாளிதழே வராது, அது வேறு. வந்திருக்க வேண்டிய சில இதழ்களும் இல்லை. தேதியை எழுதிப் பார்த்தபோதுதான் விளங்கியது, அவற்றில் சில புயலை ஒட்டிய நாட்கள். சாலையில் தண்ணீர், எங்கள் பகுதிக்குக் கட்டு வரவில்லை.

பத்து இதழ் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தவறினால் பெரிய பாதகம் இல்லை. நான் எண்ண வந்த செய்தி மிகுதியாக வந்திருக்கக்கூடிய நாட்களே தவறினால் முடிவு ஒரு பக்கம் சாயும். ஆகவே எத்தனை இதழ் இல்லை என்ற எண்ணிக்கையோடு நிறுத்தாமல், எந்தெந்தத் தேதி என்ற பட்டியலையும் இயலில் சேர்த்தேன். வெளியூர் நண்பர் ஒருவரிடம் கிடைத்த பிரதிகளைக் கொண்டு சிலவற்றை நிரப்பினேன். அவை வேறு பதிப்பாக இருக்கலாம் என்பதால், மாவட்டப் பக்கத்தை ஒப்பிட்டு ஒன்றாக இருந்தவற்றை மட்டும் ஏற்றேன். நிரப்பிய தேதிகளுக்கு உடுக்குறி இட்டேன்.

எதை எண்ணுவது

அடுத்தது அலகு. 'உப்பளச் செய்தி' என்றால் எது? உப்பு ஏற்றிய லாரி கிழக்குக் கடற்கரைச் சாலையில் கவிழ்ந்தது, அது உப்பளச் செய்தியா? கழுவேலிப் பறவைகள் பற்றிய கட்டுரையில் ஒரு வரி உப்பளம் வருகிறது, அதைச் சேர்ப்பதா? நீண்ட யோசனைக்குப் பிறகு ஓர் எளிய விதி வைத்தேன். செய்தியிலிருந்து உப்பை எடுத்துவிட்டால் செய்தி நிற்குமா? நின்றால் அது உப்பளச் செய்தி அல்ல. லாரியில் நெல் இருந்தாலும் விபத்து விபத்துதான், எனவே சேர்க்கவில்லை. மழையால் பாத்தி மூழ்கியது என்பதில் உப்பை எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது, எனவே சேர்த்தேன். படமும் கீழே இரண்டு வரியும் மட்டும் இருந்தாலும் ஒரு செய்தியாகவே எண்ணினேன். அந்தத் தாய் சொன்ன "போட்டோ" அதுதானே. அதை விட்டால் அவர் சொன்னதைச் சோதிக்க முடியாது.

செய்திக்குள் எண்ண வேண்டியது பேசுபவர். அதிகாரி, அரசியல்வாதி, உற்பத்தியாளர் அல்லது குத்தகைதாரர், தொழிலாளர், பிறர் என்று ஐந்து வகை. எளிதாகத்தான் தோன்றியது. செய்தியைக் கையில் எடுத்ததும் சிக்கல் தொடங்கியது. "தொழிலாளர்கள் வேதனை" என்று தலைப்பு இருக்கும், உள்ளே ஒரு தொழிலாளர்கூடப் பேசியிருக்கமாட்டார். "இதுகுறித்துத் தொழிலாளர்கள் கூறியதாவது" என்று வரும், பேசியவர் பெயர் இருக்காது. எப்போதாவது ஒருவர் பெயரோடு பேசுவார். மூன்றையும் 'தொழிலாளர் குரல்' என்று ஒரே பெட்டியில் போட்டால், நான் விரும்பிய முடிவை எப்படி வேண்டுமானாலும் வரவழைக்கலாம். ஆகவே அந்த வகையை மூன்றாகப் பிரித்தேன்: பெயரோடு பேசியவர், பெயரின்றிக் கூட்டமாகப் பேசியவர்கள், பேசாமல் வருணிக்கப்பட்டவர்கள். மூன்றாவதைப் பேசுபவர் கணக்கில் சேர்க்காமல் தனியாக எண்ணினேன்.

இன்னொருவர் கண்

நான் இந்த ஊர்க்காரன், தொழிலாளர் பக்கம் சாய்ந்தவன். என் கண் மட்டும் போதாது. எங்கள் பள்ளித் தமிழாசிரியர் வேறு மாவட்டத்துக்காரர். அவரிடம் விதிகளை எழுதிக் கொடுத்து, நான் வகைப்படுத்திய செய்திகளில் ஒரு பகுதியை, என் விடையைக் காட்டாமல், அவரையும் வகைப்படுத்தச் சொன்னேன்.

இருவரும் எவ்வளவு ஒத்துப்போனோம் என்பதைச் சதவீதத்தில் மட்டும் எழுதினால் ஏமாந்துவிடுவோம். விளக்கத்துக்காக ஓர் எளிய கணக்கு. இவை என் ஆய்வின் எண்கள் அல்ல. 50 பேசுபவர்களை இருவர் 'தொழிலாளர்', 'பிறர்' என்று பிரிக்கிறார்கள். 6 பேரைத் தொழிலாளர் என்றும் 38 பேரைப் பிறர் என்றும் இருவரும் ஒன்றாகச் சொல்கிறார்கள். மீதி 6 பேரில் முரண்படுகிறார்கள். அந்த ஆறில் மூன்றை ஒருவரும் மூன்றை மற்றவரும் தொழிலாளர் என்கிறார்கள். 50க்கு 44 ஒத்துப்போகிறது, அதாவது 88 சதவீதம். மிக நன்று என்று தோன்றும்.

ஆனால் பெரும்பாலானவர்கள் 'பிறர்' என்பதால், கண்ணை மூடிக்கொண்டு பிரித்தாலும் பலமுறை ஒத்துப்போகும். எவ்வளவு என்று கணக்கிடலாம். ஒவ்வொருவரும் 9 பேரைத் தொழிலாளர் என்றும் 41 பேரைப் பிறர் என்றும் சொல்லியிருக்கிறார்கள். தற்செயலாக ஒத்துப்போகும் பங்கு 0.18 × 0.18 + 0.82 × 0.82, அதாவது ஏறத்தாழ 0.70. ஜேக்கப் கோஹன் 1960இல் தந்த கப்பா அளவு, இந்தத் தற்செயலைக் கழித்துவிட்டுப் பார்க்கிறது. 0.88இலிருந்து 0.70ஐக் கழித்தால் 0.18. தற்செயலுக்கு மேல் எட்டக்கூடிய அதிகபட்சம் 0.30. 0.18ஐ 0.30ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.6. 88 சதவீதம் என்று மின்னியது சுமாரான இணக்கம்தான். அதுவும் நமக்கு முக்கியமான 'தொழிலாளர்' வகையில்தான் முரண்பாடு முழுவதும் இருக்கிறது.

எங்களுக்கும் முதல் சுற்றில் முரண்பாடு அந்த இடத்தில்தான் வந்தது. சிறு பாத்தியைக் குத்தகைக்கு எடுத்துத் தானே இறங்கி உப்பு வாருபவர் பேசினால் அவர் யார்? நான் தொழிலாளர் என்றேன், அவர் குத்தகைதாரர் என்றார். உட்கார்ந்து பேசி, "செய்தி அவரை எப்படி அழைக்கிறதோ அப்படியே எண்ணுவோம்" என்று விதியைத் திருத்தினோம். எனக்குத் தெரிந்த ஊர் நிலவரத்தைச் செய்திக்குள் ஏற்றக் கூடாது என்பதற்காக அந்த விதி. திருத்திய பிறகு, முன்பு பார்க்காத செய்திகளைக் கொண்டு மீண்டும் சோதித்தோம். பழைய செய்திகளிலேயே சோதித்தால், பேசி முடித்ததை ஒப்பித்ததாகும். இரண்டு சுற்றின் எண்களையும் இயலில் கொடுத்தேன். முதல் சுற்றை மறைத்திருந்தால், அந்த விதி ஏன் வந்தது என்று யாருக்கும் விளங்காது.

வரிசை ஏன் மாறக் கூடாது

சொன்னவற்றைத் திரும்பிப் பாருங்கள். கேள்வி முறையைத் தந்தது. கேள்வியும் ஊரும் சேர்ந்து நாளிதழையும் பதிப்பையும் தந்தன. செய்தி அரிதாக வருவதால் மாதிரி போய்க் காலம் வந்தது. கேள்வியில் இருந்த 'பேசுகிறார்' என்ற சொல் அலகைத் தந்தது. அலகு குழப்பியபோது வகைகள் திருந்தின. வகைகள் சரிதானா என்பதை இரண்டாவது கண் சொன்னது. நடுவில் ஒன்றை மாற்றினால் அதற்குப் பின்னால் வருவதையெல்லாம் மீண்டும் பார்க்க வேண்டும். நான் கேள்வியை மாற்றியபோது, எழுதிய பன்னிரண்டு பக்கத்தில் ஒரு பக்கம்கூட மிஞ்சவில்லை.

இயல் முடிந்ததா என்று அறிய ஒரு சோதனை செய்தேன். ஒரு வாரத்து நாளிதழ்க் கட்டையும் என் முறையியல் இயலையும் அறிவியல் ஆசிரியை ஒருவரிடம் கொடுத்து, "இதில் சொன்னபடி செய்யுங்கள் டீச்சர், என்னிடம் எதுவும் கேட்காதீர்கள்" என்றேன். அவர் மூன்று இடத்தில் நின்றார். தொடர்ச்சி வேறு பக்கத்தில் வந்தால் ஒரு செய்தியா, இரண்டா? ஒரே ஆள் இரண்டு முறை பேசினால் எப்படி எண்ணுவது? ஆட்சியர் அறிக்கையைப் 'பேசுவது' என்று கொள்ளலாமா? மூன்றுக்கும் பதில் என் தலைக்குள் இருந்தது, தாளில் இல்லை. அவற்றை எழுதிச் சேர்த்த பிறகுதான் இயலைக் கொடுத்தேன். இந்த முறை நெறியாளர் இரண்டு எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினார்.

ஆய்வேடு முடிந்ததும் அந்தத் தாயிடம், அவர் சொன்னதை எப்படிச் சரிபார்த்தேன் என்று காட்டினேன். நாளிதழ் நறுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இவ்ளோ எண்ணுனீங்களா சார்?" என்று கேட்டார். பிறகு ஒரு படத்தைக் காட்டி, "இது நான்தான்" என்றார். கீழே இருந்த இரண்டு வரியில் அவர் பெயர் இல்லை. என் பட்டியலில் அது 'பேசாமல் வருணிக்கப்பட்டவர்' என்ற வரிசையில் இருந்தது.